வானிலைதான் காரணம் என்று கைவிரிக்கும் விமான நிறுவனத்திடம் என்னென்ன கேட்கலாம்

கேள்வி: கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு இரவு 8.40 விமானம், நானும் அம்மாவும் (68 வயது). டிராவல் வெப்சைட் ஒன்றில் புக் செய்தது, இரண்டு பேருக்கும் சேர்த்து 12,960 ரூபாய். சாயங்காலம் 5.10-க்கு "செயல்பாட்டுக் காரணங்களால் ரத்து" என்று எஸ்எம்எஸ் வந்தது. அப்போது ஏர்போர்ட்டுக்குப் பாதி வழியில் இருந்தோம். கவுண்டரில் மறுநாள் இரவு விமானம்தான் இருக்கிறது, ஓட்டல் எல்லாம் தர முடியாது என்றார்கள். நாங்களே ரூம் எடுத்தோம் (4,200), சாப்பாடு 1,150, டாக்ஸி 600. மறுநாள் காலை வேறு கம்பெனி விமானத்தில் 19,000 கொடுத்து வந்து சேர்ந்தோம். இப்போது மெயில் போட்டால் "மோசமான வானிலை, இழப்பீடு கிடையாது, பணத்தை ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டோம்" என்கிறார்கள். ஏஜென்ட் வாலெட்டில் போடுகிறேன் என்கிறான், அதுவும் சேவைக் கட்டணம் கழித்துக்கொண்டு. என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் ஒன்று கேட்கிறேன். அந்த எஸ்எம்எஸ்ஸை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறீர்கள்தானே? ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு எங்காவதும் ஒரு பிரதி போட்டு வையுங்கள். எஸ்எம்எஸ்ஸில் "செயல்பாட்டுக் காரணம்", மெயிலில் "வானிலை". ஒரே ரத்துக்கு இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார்கள், இரண்டும் எழுத்தில் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆதாரமே இதுதான்.

நீங்கள் செய்திருக்கும் தவறு (பெரும்பாலும் எல்லோரும் செய்வதுதான்) எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "எனக்கு நஷ்டமான பணத்தைக் கொடுங்கள்" என்று மெயில் போட்டது. அப்படிக் கேட்டால் அவர்கள் "வானிலை" என்ற ஒரே சொல்லை வைத்து மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டிக்கெட் பணம் வேறு, இழப்பீடு வேறு, சாப்பாடு ஓட்டல் வேறு. மூன்றுக்கும் விதி தனித்தனி, விலக்கும் தனித்தனி. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ வகுத்திருக்கும் விதித்தொகுப்பில் பிரிவு 3, வரிசை எம், பகுதி 4 என்று ஒன்று இருக்கிறது. டிக்கெட் இருந்தும் விமானத்தில் ஏற்ற மறுப்பது, ரத்து, தாமதம் மூன்றுக்கும் அதுதான். டிக்கெட் பணம் திரும்பத் தருவதற்கு அதே வரிசையின் பகுதி 2. இந்த எண்களைக் குறிப்பிட்டு எழுதினாலே மறுமுனையில் படிக்கிறவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

டிக்கெட் பணத்தில் விவாதத்துக்கே இடமில்லை. மழையோ புயலோ பைலட் வரவில்லையோ, நிறுவனம் விமானத்தை ரத்து செய்து, அவர்கள் காட்டிய மாற்று விமானத்தை நீங்கள் ஏற்கவில்லை என்றால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தாலும் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதுதான், ஏஜென்ட் அவர்களுடைய பிரதிநிதி என்பதால். இது பகுதி 2-இல் நேரடியாகவே இருக்கிறது. "ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டோம்" என்பதோடு அவர்கள் கடமை முடிந்துவிடாது. அதே விதியில் இன்னொன்றும் உண்டு: பணத்தை வரவாக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது பயணியின் விருப்பம், நிறுவனம் தானாக அப்படிச் செய்யக் கூடாது. எனவே வாலெட்டை ஏற்காதீர்கள். "நான் கொடுத்த கார்டுக்கே வர வேண்டும், வாலெட் வரவுக்கு நான் சம்மதிக்கவில்லை" என்று ஏஜென்டுக்கும் நிறுவனத்துக்கும் ஒரே மெயிலில் எழுதுங்கள். இருவரும் அந்த மெயிலில் இருந்தால் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவது கொஞ்சம் குறையும். கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், கிடைக்காத சேவைக்குப் பணம் போனதாக வங்கியிலும் ஒரு தகராறு பதிவு செய்யலாம். அதற்குக் கால வரம்பு உண்டு, ஆறப் போடாதீர்கள்.

ஆப்பில் நீங்களாக "ரத்து செய்" பொத்தானை எதுவும் அழுத்தவில்லையே? அழுத்தியிருந்தால் கணினியில் அது பயணி தானே ரத்து செய்ததாகப் பதிவாகி, கட்டணம் பிடித்தமாகும். ஏஜென்ட் சேவைக் கட்டணம் கழிக்கிறேன் என்று சொல்வதைப் பார்த்தால் அவர்கள் பக்கத்தில் அப்படிப் பதிவு செய்திருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். பிஎன்ஆரைப் போட்டு ரத்து எந்த வகையில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள்.

அடுத்து இழப்பீடு. இங்கேதான் வானிலைக் கதை அவர்களுக்கு உதவும். புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்புவரை தகவல் சொல்லிவிட்டு, மாற்று விமானமோ பணமோ உங்கள் விருப்பப்படி கொடுத்தால் இழப்பீடு கிடையாது. அதற்கும் தாமதமாகச் சொன்னால், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருவதோடு இழப்பீடும் தர வேண்டும். உங்களுக்குச் சொன்னது மூன்றரை மணி நேரம் முன்பு. தொகை விமானத்தின் பயண நேரத்தைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் வரை 5,000, இரண்டு மணி நேரம் வரை 7,500, அதற்கு மேல் 10,000. கொல்கத்தா-சென்னை இரண்டு மணி நேரத்துக்கு மேல், எனவே 10,000 வரிசை. ஆனால் உடனே இரண்டு பேருக்கு 20,000 என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். "அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது" என்று விதி சொல்கிறது. டிக்கெட்டின் கட்டண விவரத்தைத் திறந்து பாருங்கள். ஒருவருக்கு 6,480 என்றால் அதில் அடிப்படைக் கட்டணம் 5,050, எரிபொருள் 400, மீதி விமான நிலையக் கட்டணமும் வரியும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒருவருக்கு 5,450, இரண்டு பேருக்கு 10,900. உங்கள் டிக்கெட்டில் இருக்கும் உண்மையான எண்ணைப் போடுங்கள். கூடுதலாகக் கேட்டால் விதியைப் படிக்காமல் கேட்கிறார் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

இதில் நிறையப் பேர் கவனிக்காத ஒன்று, நிறுவனம் தரும் மாற்று விமானத்தில் ஏறிவிட்டால் இந்த இழப்பீடு போய்விடும் என்பது. மாற்று விமானம், இல்லாவிட்டால் டிக்கெட் பணத்தோடு இழப்பீடு, இப்படித்தான் விதியின் அமைப்பு. நீங்கள் மறுநாள் இரவு விமானத்தை ஏற்காமல் வேறு கம்பெனியில் வந்தது இந்த விஷயத்தில் உங்களுக்குச் சாதகம். எஸ்எம்எஸ்ஸில் வரும் இணைப்பைத் தட்டி "சம்மதம்" என்று போட்டிருந்தால் கதை மாறியிருக்கும்.

சரி, வானிலை. காற்று, மழை, மூடுபனி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை, பாதுகாப்பு அச்சுறுத்தல், இயற்கைச் சீற்றம், வேலைநிறுத்தம் இப்படி நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணம் என்றால் இழப்பீடு தர வேண்டியதில்லை. ஆனால் வானிலை என்று வாயால் சொன்னால் போதாதே, அது உண்மையில் வானிலையாக இருக்க வேண்டும். சரிபார்ப்பது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. விமான நிலையங்கள் சாதாரணமாக அரை மணிக்கு ஒரு தடவை வானிலை அறிக்கை வெளியிடும், பழைய அறிக்கைகளும் இணையத்தில் கிடைக்கும். கொல்கத்தாவின் குறியீடு VECC, சென்னைக்கு VOMM. பார்ப்பதற்கு இப்படி இருக்கும் (உதாரணத்துக்கு):

```
METAR VECC 121500Z 18004KT 4000 HZ NSC 27/22 Q1010 NOSIG
```

முதல் எண்ணில் 12 என்பது தேதி, 1500Z என்பது உலக நேரம். ஐந்தரை மணி நேரம் கூட்டினால் நம் ஊர் இரவு 8.30. 18004KT என்றால் தெற்கிலிருந்து 4 நாட் வேகத்தில் காற்று, ஒன்றுமில்லாத காற்று. 4000 என்பது எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது, மீட்டரில். HZ லேசான புழுதிமூட்டம். இப்படி ஒரு அறிக்கை இருந்தால் அந்த நேரத்தில் அங்கே வானிலை விமானத்தைத் தடுத்தது என்று சொல்வது கஷ்டம். 4000 இருக்கும் இடத்தில் 0200 என்றும் FG என்றும் இருந்தால் கடும் மூடுபனி, அப்போது அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கலாம். கூடவே Flightradar24 மாதிரி தளத்தில் அதே இரவு 8 மணியிலிருந்து 10 மணி வரை கொல்கத்தாவிலிருந்து எவை கிளம்பின என்று பாருங்கள். மற்ற கம்பெனிகளின் விமானங்கள் வரிசையாகச் சென்னைக்குக் கிளம்பியிருந்தால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இலவசக் கணக்கில் பழைய விவரம் சில நாட்களுக்குத்தான் தெரியும், அதனால் இதை இன்றைக்கே செய்யுங்கள்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. உங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம் காலையில் வேறு எங்கோ மாட்டிக்கொண்டு, அந்தத் தாமதம் தொடர்ந்து வந்து உங்கள் தலையில் விடிந்திருக்கலாம். கொல்கத்தாவில் வானம் தெளிவாக இருந்தது என்பதை மட்டும் வைத்து "பொய் சொல்கிறீர்கள்" என்று எழுதினால் இதைத்தான் பதிலாகச் சொல்வார்கள். அதனால் குற்றம் சாட்டாமல் கேள்வியாகக் கேளுங்கள்: எந்த விமான நிலையத்தில், எத்தனை மணிக்கு, என்ன வானிலை, அது இந்த விமானத்தை எப்படிப் பாதித்தது? காரணத்தைக் குறிப்பிட்டு ரத்துச் சான்றும் கேளுங்கள், பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அங்கேயும் அது தேவைப்படும்.

இப்போது சாப்பாடும் ஓட்டலும். என் அனுபவத்தில் மக்கள் ரொம்ப எளிதாக விட்டுக்கொடுப்பது இதைத்தான், காரணம் வானிலை என்றவுடன் எல்லாமே போய்விட்டதாக நினைத்துவிடுகிறார்கள். விதியில் இருக்கும் வானிலை விலக்கு "இழப்பீடு" என்ற தொகைக்குத்தான். விமான நிலையத்துக்கு வந்து காத்திருக்கும் பயணிக்குச் சாப்பாடு தருவது இழப்பீடு கிடையாது, வசதி. 2011-இல் இண்டிகோ சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், டெல்லி மூடுபனியால் வந்த தாமதத்துக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில், மலிவுக் கட்டண விமானம் என்பதற்காகப் பயணிக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச வசதிகளிலிருந்து தப்பிக்க முடியாது என்றும் சொன்னது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல மேற்கோள் உங்களுக்குக் கிடைக்காது. ஐரோப்பாவில் இது இன்னும் கறார். 2010-இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றபோது கூட, சிக்கிக்கொண்ட பயணிகளின் ஓட்டல், சாப்பாட்டுச் செலவை நிறுவனம்தான் ஏற்க வேண்டும் என்று 2013-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. அது இங்கே செல்லாது, தகவலுக்காகச் சொன்னேன்.

நம் ஊர் விதியில் ஓட்டல் விஷயம் கொஞ்சம் நெளிவானது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரத்து பற்றிய பத்தியில் தெளிவாக இருப்பது காத்திருக்கும் நேரத்துக்கான சாப்பாடு. ஓட்டலும் அங்கே போய்வர வண்டியும் தெளிவாக வருவது தாமதத்தில்: 24 மணி நேரத்துக்கு மேல் தாமதம், அல்லது இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையில் புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம். உங்கள் விமானம் 8.40, தர முன்வந்தது மறுநாள் இரவு. ஆறு மணி நேரத் தாமதத்துக்கே அறை தர வேண்டியவர்கள், ஒரு நாள் முழுக்க நிறுத்திவைத்துவிட்டு "இதற்கு ரத்து என்று பெயர், அதனால் அறை கிடையாது" என்று சொல்ல முடியுமா? இந்த வாதத்தை அப்படியே எழுதுங்கள். விமானம் 7.50-க்கு இருந்திருந்தால் இது இவ்வளவு வலுவாக இருந்திருக்காது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. விதி "வசதி தர வேண்டும்" என்கிறது, "நீங்கள் செலவழித்ததைத் திருப்பித் தர வேண்டும்" என்று சொல்லவில்லை. அதனால் "எங்களிடம் கேட்கவே இல்லை, அவர்களாகப் போய் ரூம் எடுத்துக்கொண்டார்கள்" என்று சொல்வார்கள் பாருங்கள். எனக்கே இது நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு நிறுவனத்திடம் ஓட்டல் பில்லைக் கொடுத்தபோது, கவுண்டரில் கேட்டதற்கு என்ன ஆதாரம் என்றார்கள், என்னிடம் ஒன்றும் இல்லை. சாப்பாட்டுப் பணம் மட்டும் வந்தது. அதிலிருந்து கவுண்டரில் நிற்கும்போதே அவர்களுடைய வாட்ஸ்அப்புக்கோ மெயிலுக்கோ "கவுண்டரில் அறை கேட்டோம், மறுத்துவிட்டார்கள், நேரம் இது" என்று ஒரு வரி அனுப்பிவிடுவது என் வழக்கம். நீங்கள் அப்படி எதுவும் அனுப்பவில்லை என்றால், அந்த இரவு வாடிக்கையாளர் சேவைக்குப் பேசிய அழைப்பு போனில் இருக்கிறதா பாருங்கள், வீட்டுக்கு "ஓட்டல் தர மாட்டேன் என்கிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் புலம்பியிருந்தால் அதுகூட நேரத்தோடு ஒரு ஆதாரம்தான். அம்மாவின் வயதையும் குறிப்பிடுங்கள். 68 வயதுக்காரரை ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார வைத்திருக்க முடியாது என்பது அறை எடுத்ததற்கான நியாயம். 4,200 என்பது ஆடம்பரமும் இல்லை. ஓட்டல் பில்லில் உங்கள் பெயரும் தேதியும் இருக்கட்டும், புக்கிங் ஆப்பின் ரசீது மட்டும் போதாது.

மறுநாள் டிக்கெட்டில் கூடுதலாகப் போன 6,040 (19,000-இல் 12,960 போக) டிஜிசிஏ விதியில் எங்கும் வராது. அதைச் சேவைக் குறைபாட்டால் வந்த நஷ்டம் என்று நுகர்வோர் ஆணையத்தில்தான் கேட்க முடியும், அங்கேயும் 10,900 இழப்பீட்டுக்குள் இது அடங்கிவிட்டது என்று சொல்ல வாய்ப்பு உண்டு. முதல் கடிதத்திலேயே கேட்டு வையுங்கள், ஆனால் இதை நம்பி இருக்காதீர்கள்.

கடிதம் இந்த மாதிரி இருந்தால் போதும். அவர்களுக்கு ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டியிருக்கும், விஷயம் இதுதான்:

"பிஎன்ஆர் எண் ___, தேதி ___, கொல்கத்தா-சென்னை, புறப்பாடு இரவு 8.40. ரத்து பற்றிய தகவல் அன்று மாலை 5.10-க்கு எஸ்எம்எஸ்ஸில் வந்தது (இணைப்பு 1); அதில் காரணம் 'செயல்பாட்டுக் காரணம்'. ___ தேதியிட்ட உங்கள் மெயிலில் காரணம் 'வானிலை' (இணைப்பு 2). நீங்கள் காட்டிய மறுநாள் இரவு விமானத்தை நாங்கள் ஏற்கவில்லை. விமான நிலையக் கவுண்டரில் தங்குமிடம் கேட்டோம், மறுக்கப்பட்டது.

கோருவது: (அ) டிக்கெட் பணம் ரூ. 12,960, கட்டிய கார்டுக்கே. வாலெட் வரவுக்குச் சம்மதமில்லை. (ஆ) 24 மணி நேரத்துக்குள் சொன்னதால் இழப்பீடு, ஒருவருக்கு ரூ. 5,450 வீதம் ரூ. 10,900. வானிலை விலக்கைக் கோருவதானால் இடம், நேரம், பதிவு ஆகியவற்றைத் தரவும். (இ) தர மறுத்த வசதிகளுக்கான செலவு ரூ. 5,950, பில்கள் இணைப்பு 3. இது (ஆ)-வைச் சார்ந்ததல்ல. காரணம் எதுவானாலும் பொருந்தும். (ஈ) மாற்று டிக்கெட்டின் கூடுதல் செலவு ரூ. 6,040. மொத்தம் ரூ. 35,850. 15 நாட்களுக்குள் பதில் தரவும்."

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். கவுண்டரில் இருந்த பெண் முகம் கொடுத்துப் பேசவில்லை, இனி உங்கள் விமானத்தில் ஏறவே மாட்டேன் என்பதெல்லாம் மனதில் இருக்கட்டும். (அ), (ஆ), (இ) என்று பிரித்திருப்பதால் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் தனியாகப் பதில் சொல்லியாக வேண்டும். பெரும்பாலும் (ஆ)-வை மறுத்து (இ)-யைப் பற்றிப் பேசாமல் நழுவுவார்கள். அந்த மௌனமே பிறகு உங்களுக்கு உதவும்.

முதலில் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பிப் புகார் எண் வாங்குங்கள். பதில் சரியில்லை என்றால் நிறுவனத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரி, அதற்கு மேல் மேல்முறையீட்டு அதிகாரி. இவர்கள் விவரம் நிறுவனத்தின் இணையதளத்தில் அடியில் எங்காவது ஒளிந்திருக்கும். அதே கடிதத்தை விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்திலும் ஏற்றுங்கள். டிக்கெட் பணம் பெரும்பாலும் அந்தக் கட்டத்திலேயே வந்துவிடும், இழப்பீட்டுக்கு ஏர்சேவாவை நம்ப முடியாது. நிறுவனம் சொன்ன பதிலையே அங்கேயும் ஒட்டிவிட்டுப் புகாரை மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம்.

நடுவில் ஒரு போன் வரும். "நல்லெண்ண அடிப்படையில்" 3,000 ரூபாய்க்கு வவுச்சர் தருகிறோம் என்பார்கள். வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம், ஆனால் "முழுமையான, இறுதித் தீர்வு" என்ற சொல் இருக்கும் எதற்கும் சம்மதம் சொல்லாதீர்கள். அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

எதுவும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கொல்கத்தாவுக்கு அலைய வேண்டாம். டிக்கெட்டின் நிபந்தனைகளில் "இந்த ஊர் நீதிமன்றம் மட்டுமே" என்று போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம். வாங்கிய சேவையின் மதிப்பு 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு வருட அவகாசம் இருக்கிறது. விமான நிறுவனத்தை முதல் எதிர்தரப்பாகவும் ஏஜென்டை இரண்டாவதாகவும் போடுங்கள். ஏஜென்டை விட்டுவிட்டால் "பணம் அவனிடம்தான் இருக்கிறது" என்று நிறுவனம் கைகாட்டும்போது அங்கே பதில் சொல்ல ஆள் இருக்காது. அதற்கு முன் ஒரு நோட்டீஸ் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பாதிப் பேருக்குப் பணம் வருவது அந்த நோட்டீஸுக்குப் பிறகுதான் என்பது நான் பார்த்தவரை.

கடைசியாக, உங்கள் புக்கிங்கை விமான நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆர் போட்டுத் திறந்து, யாருடைய போன் நம்பரும் மெயிலும் இருக்கிறது என்று பாருங்கள். ஏஜென்டுகள் சில சமயம் தங்களுடையதைப் போட்டுவிடுவார்கள். சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு கிடையாது என்று விதியில் இருக்கிறது, நிறுவனமும் "முந்தாநாளே மெயில் அனுப்பிவிட்டோமே" என்று ஏஜென்டின் முகவரியைக் காட்டும். உங்களுக்கு எஸ்எம்எஸ் வந்திருப்பதால் போன் நம்பர் உங்களுடையதாகத்தான் இருக்க வேண்டும். மெயில் யாருடையது என்று பார்த்துவிட்டு, அப்புறம் கடிதத்தை அனுப்புங்கள்.